‘ம்’, ‘சரி’ என்பதைத் தாண்டாத அரட்டை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

தினமும் பேசுகிறீர்கள். காலையில் ஒரு வணக்கம் போகிறது, ஒரு வணக்கம் வருகிறது. வேலை எப்படி, தூக்கம் எப்படி, அங்கே மழை உண்டா என்று கேட்டுக்கொள்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து அவரைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார் என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றும் இருக்காது. மனத்தாங்கலும் கிடையாது, பேச்சு நின்றுபோகவும் இல்லை, நகரவும் இல்லை.

அப்படி நின்ற இடத்திலேயே நிற்கும் அரட்டையைச் சரிசெய்வது பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எல்லா அரட்டையும் ஆழமாகப் போயாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வணக்கத்தோடு நிற்பதே அழகான பழக்கங்களும் உண்டு. இன்னும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாமே என்று உங்களுக்குத் தோன்றி, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

முதலில் பழைய செய்திகளைப் படியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், அரட்டையை மேலே தள்ளி, கடைசி நாற்பது ஐம்பது செய்திகளை நிதானமாகப் படியுங்கள். நேரில் பேசுகிறவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. பேசியதெல்லாம் ஒரு சொல் மாறாமல் அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு செய்தியும் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். என் வசதிக்காக நான்கு படிகளாகப் பிரித்துக்கொள்வேன். முதல் படி தகவல்: ‘இன்று விடுமுறை’, ‘இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்’. இரண்டாவது கருத்து: ‘இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை’, ‘கூட்டமான இடம் எனக்கு ஒத்துவராது’. மூன்றாவது உணர்வு: ‘எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னபோது அவமானமாக இருந்தது’. நான்காவது, ஒருவர் எல்லோரிடமும் சொல்லாதது: பயம், பழைய காயம், வெட்கம், வெளியே சொன்னால் சிரிப்பார்களோ என்று மறைத்துவைத்த ஆசை.

இர்வின் ஆல்ட்மன், டால்மஸ் டெய்லர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் உறவுகள் நெருங்கும் விதத்தை விளக்கினார்கள். ஒருவர் தம்மைப் பற்றி வெளியிடுவது மேலோட்டமானவற்றில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது. அகலமும் கூடுகிறது, ஆழமும் கூடுகிறது. ஒருவர் ஓர் அடி வைத்தால் மற்றவரும் ஏறக்குறைய அதே அளவு அடி வைக்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் நமக்கு வேண்டியது. ஓர் அடி வையுங்கள். அவர் வருகிறாரா என்று பாருங்கள். வந்த பிறகு அடுத்ததை வையுங்கள்.

படித்து முடித்ததும் இரண்டில் ஒன்று கண்ணில் படும். இருவரும் முதல் படியிலேயே உட்கார்ந்திருப்பீர்கள். அல்லது யாரோ ஒருவர் இரண்டு படியைச் சேர்த்துத் தாண்டியிருப்பார், மற்றவர் பின்வாங்கியிருப்பார். கீழே உள்ள அறிகுறிகள் எல்லாம் இந்த இரண்டின் கிளைகளே.

அறிகுறி: எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் வருகிறது

‘நாள் எப்படிப் போனது?’ ‘நன்றாக.’ ‘வேலை?’ ‘போகிறது.’

அவருக்கு விருப்பமில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் கேள்வியைப் பாருங்கள். ‘நாள் எப்படி’ என்பது பதில் சொல்ல மிகக் கடினமான கேள்வி. ஒரு நாள் முழுவதையும் நினைத்துப் பார்த்து, அதில் எது உங்களுக்குச் சுவையாக இருக்கும் என்று தேர்ந்து, கைப்பேசியில் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த உழைப்பைத் தவிர்க்கும் வழிதான் ‘நன்றாக’.

கேள்வியைச் சிறிதாக்குங்கள், குறிப்பாக்குங்கள். முந்தைய நாள் அவரே சொன்ன ஏதாவது ஒன்றைத் தொட்டுக் கேளுங்கள். ‘நேற்று ஒரு கூட்டம் இருக்கிறது என்றீர்களே, நினைத்ததைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா?’ இதற்கு ‘நன்றாக’ என்று பதில் சொல்ல முடியாது. கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை. இரண்டுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதோடு, தாம் சொன்னது இன்னொருவர் நினைவில் இருந்தது என்பதும் அவருக்குத் தெரிகிறது. அதன் பலன் கேள்வியின் பலனைவிடப் பெரிது.

பிறகு நேரத்தைப் பாருங்கள். வேலைக்கு நடுவில், பயணத்தில், குழந்தையைத் தூங்கவைக்கும் நேரத்தில் கேட்டால் யாரும் ஒரு சொல்லில்தான் பதில் தருவார்கள். பழைய செய்திகளில் அவருடைய நீளமான பதில்கள் எந்த நேரத்தில் வந்திருக்கின்றன என்று பார்த்தாலே போதும். அநேகமாக ஒரு நேரம் தெளிவாகத் தெரியும்.

இரண்டையும் மாற்றி, ஓரிரு வாரம் பார்த்த பிறகும் ஒற்றைச் சொல்தான் வருகிறது, அவராக ஒருமுறைகூடப் பேச்சைத் தொடங்கவில்லை என்றால், பழுது கேள்வியில் இல்லை. அவருக்கு இந்த அளவு போதும் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள்.

அறிகுறி: பேச்சு நிறைய இருக்கிறது, ஆனால் நேர்காணல் போல இருக்கிறது

இது நல்லவர்களுக்கு வரும் கோளாறு. ‘பேசுவதைவிடக் கேட்பது மேல்’ என்று எங்கோ படித்துவிட்டு, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பார்கள். என்ன படித்தீர்கள், எங்கே வேலை, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள். எதிரில் இருப்பவர் ஒழுங்காகப் பதில் சொல்வார். பத்து நாளில் அவருடைய தன்விவரம் முழுவதும் உங்களிடம் இருக்கும். உங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இங்கே இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு கேள்வியும் புதிய பொருளுக்குத் தாவுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அதிகம் கேள்வி கேட்டவர்களை மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பிரியத்துக்கு முக்கியக் காரணம், சொன்ன பதிலிலிருந்தே கிளம்பிய தொடர் கேள்விகள். பதிலைக் கேட்டதற்கு அதுதான் அடையாளம். பதில் வந்ததும் அடுத்த பொருளுக்குப் போகிறவர் படிவம் நிரப்புகிறார்.

இரண்டாவது தவறு, கேட்பவர் தம்மை மறைத்துக்கொள்வது. ‘உங்களுக்குத் தனியாக இருப்பது பிடிக்குமா?’ என்று கேட்டால், அதே செய்தியில் உங்கள் பக்கத்தையும் ஒரு வரி வையுங்கள்: ‘எனக்கு இரண்டு நாள் பிடிக்கும், மூன்றாம் நாள் யாராவது கதவைத் தட்ட மாட்டார்களா என்று இருக்கும்.’ எவ்வளவு சொன்னால் போதும், எந்தத் தொனியில் சொல்லலாம் என்று அந்த வரியே அவருக்குக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு வரி போதும். பத்தியாக எழுதினால் அவர் உங்கள் கதைக்குத்தான் பதில் சொல்வார், கேள்வி மறந்துபோகும்.

அறிகுறி: பேச்சு இயல்பாக ஓடுகிறது, ஆனால் உள்ளே இறங்கும் இடம் எது என்றே தெரியவில்லை

என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் பொதுவான கோளாறு; மற்றவற்றைவிட இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆழமான பேச்சு ஆழமான கேள்வியால் தொடங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்காக ஒரு நல்ல கேள்வியைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். உண்மையில் வாசல் அவர் ஏற்கெனவே அனுப்பிய செய்தியில் இருக்கும். யாரும் ‘எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, கேளுங்கள்’ என்று எழுதுவதில்லை. சாதாரணத் தகவலுக்கு நடுவே ஒரு சொல்லைக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். எடுக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். எடுக்காவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ‘பழகிவிட்டது’, ‘வழக்கம்போல’, ‘இந்த முறையாவது’, ‘விடுங்கள், அது பெரிய கதை’ ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். ஒரு வாக்கியத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் தகவல் குறையாது என்றால், வேறு எதற்கோ அது அங்கே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்ப்போம். இணைய வகுப்பு ஒன்றில் அறிமுகமாகி, சில மாதங்களாகப் பேசிவரும் இருவர். ‘நீங்கள்’ என்றே இன்னும் அழைத்துக்கொள்கிறார்கள். ஒரு மாலையில் செய்தி வருகிறது.

அவர்: அலுவலகத்தில் புதிதாக ஒரு பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். வேலை கூடிவிட்டது. பரவாயில்லை, பழகிவிட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

வழக்கமாகப் போகும் பதில்: ‘ஓ, வாழ்த்துகள்! நான் நலம்.’ மரியாதையான பதில்தான்; வாசலும் அதோடு மூடிவிடும். புதிய பொறுப்பு என்றதும் வாழ்த்துவது கைப்பழக்கம். ஆனால் மகிழ்ச்சியான செய்தியை யாரும் ‘பரவாயில்லை’ என்று முடிப்பதில்லை.

அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, அதற்கே மறுமொழியாக எழுதுங்கள். எந்த வரியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பது அப்போது தெளிவாக இருக்கும்.

நீங்கள்: நான் நலம். பழகிவிட்டது என்கிறீர்களே, முன்பும் இப்படி நடந்திருக்கிறதா?

அவர்: இது மூன்றாவது முறை. யார் வேலையை விட்டுப் போனாலும் அவருடைய கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும்.

இன்னும் முதல் படியில்தான் இருக்கிறோம். ஆனால் தகவலுக்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டது. இங்கே ‘மேலதிகாரியிடம் பேசிப் பாருங்கள்’ என்று எழுதத் துடிக்கும் விரலை அடக்குங்கள். இரண்டாம் படிக்கு அழைக்கும் ஒரு கேள்வி போதும். அரட்டையில் இரண்டு வழியைக் காட்டிக் கேட்பது நல்லது; பதில் சொல்ல எளிது, இரண்டுமே இல்லை என்று சொல்லவும் இடம் இருக்கிறது.

நீங்கள்: மறுக்க முடியாத நிலைமையா, மறுக்க மனம் வரவில்லையா?

அவர்: இரண்டும். மனம் வராததுதான் அதிகம் என்று நினைக்கிறேன்.

இப்போது அவர் தம்மைப் பற்றி ஒன்று சொல்லியிருக்கிறார். அடுத்த கேள்வியை உடனே வைத்தால் விசாரணையாகிவிடும். உங்கள் முறை இது. அவர் சொன்னதற்கு ஏறக்குறைய அதே எடையில் உங்களுடையது ஒன்று. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

நீங்கள்: எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. போன மாதம் ஒரு வேலைக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, அது முடியும்வரை வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். சரி என்று சொல்லும் அந்த நொடியில் உங்களுக்கு என்ன தோன்றும்?

மூன்றாம் படிக்கான கேள்வி அந்தக் கடைசி வாக்கியம்தான். ‘ஏன் மறுக்க மாட்டேன் என்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால் அவர் நியாயம் சொல்லத் தொடங்கியிருப்பார். ‘ஏன்’ என்ற கேள்வி அரட்டையில் குரல் இல்லாமல் போய்ச் சேர்கிறது. நீங்கள் அன்பாகத்தான் கேட்டீர்கள் என்பது திரையில் தெரியாது. ‘என்ன தோன்றும்’, ‘எப்படி இருக்கும்’ என்பவற்றில் குற்றம் சாட்டும் சாயல் இல்லை.

இதற்குப் பிறகு ‘தட்டச்சு செய்கிறார்’ என்று தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். அந்த நேரத்தில் எதையும் அனுப்பாதீர்கள். ‘சொல்ல வேண்டாம் என்றால் பரவாயில்லை’ என்றுகூட வேண்டாம். அவர் எழுதி அழித்து எழுதிக்கொண்டிருக்கிறார்.

அவர்: பயம்தான். முடியாது என்றால் இவன் தேவையில்லை என்று முடிவுசெய்துவிடுவார்களோ என்று. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான்காம் படியின் கதவு இது. ஆர்வமுள்ளவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுவே. ‘சின்ன வயதில் என்ன நடந்தது?’ என்று கேட்டுவிடுவார்கள். ஒரே மாலையில் அவர் மூன்று படி ஏறி வந்திருக்கிறார். நாளைக் காலையில் இந்தச் செய்திகளை அவரே திரும்பப் படிப்பார். அப்போது வெட்கப்படும் அளவுக்கு இன்று சொல்லவைக்கக் கூடாது.

நீங்கள்: இந்தப் பயம் எனக்குப் புரிகிறது. சின்ன வயதிலிருந்தே என்றீர்கள். என்றைக்காவது அதைச் சொல்லத் தோன்றினால் கேட்க விருப்பம். இன்றைக்கே என்று இல்லை.

அவர்: ம். ஒருநாள் சொல்கிறேன்.

இந்த ‘ம்’ தொடக்கத்தில் பார்த்த ‘ம்’ அல்ல. இங்கே நிறுத்துங்கள். மறுநாள் சாதாரணப் பேச்சுக்கே திரும்புங்கள். ஆனால் நேற்றைய பேச்சு நடக்காததுபோல் இருக்காதீர்கள். ‘அந்தக் கோப்புகள் இன்று எத்தனை குறைந்தன?’ என்ற ஒரு கேள்வி போதும். நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறது, அதற்காக அவரை வேறு மாதிரிப் பார்க்கவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிடும். சில நாளோ சில வாரமோ கழித்து, கதவை அவரே திறப்பார். திறக்காவிட்டாலும் மூன்றாம் படி இனி இருவருக்கும் பழகிய இடம்.

அறிகுறி: அவர் முக்கியமான ஒன்றைச் சொன்னார், நான் பதில் எழுதினேன், பேச்சு அங்கேயே முடிந்தது

நீங்கள் அனுப்பிய பதிலைத் திரும்பப் பாருங்கள். அநேகமாக மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஆலோசனை, ஆறுதல், அல்லது உங்கள் கதை.

‘அப்பாவோடு இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘நீங்களே முதலில் பேசிவிடுங்கள்’ என்பது ஆலோசனை. இரண்டு வருடத்தில் அவருக்குத் தோன்றாததா அது? ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது ஆறுதல். பேச்சை மூடும் மிக மென்மையான வழி. ‘நானும் என் அண்ணனும் இப்படித்தான், என்ன நடந்தது தெரியுமா’ என்று தொடங்குவது உங்கள் கதை. சார்ல்ஸ் டெர்பர் என்ற சமூகவியலாளர் உரையாடல்களைக் கவனித்து, மறுமொழிகளை இரண்டாகப் பிரித்தார்: பேச்சைச் சொன்னவரிடமே வைத்திருப்பவை, கேட்டவர் பக்கம் திருப்பிக்கொள்பவை. திருப்பிக்கொள்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அதைச் செய்வதில்லை. ‘உங்களுக்கு மட்டும் இல்லை’ என்று சொல்லத்தான் நினைக்கிறார். விளைவு என்னவோ ஒன்றுதான்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டில் நம் கதையையும் வைத்தோமே என்று கேட்கலாம். வேறுபாடு கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. அங்கே இரண்டு வரியில் நம்முடையதைச் சொல்லிவிட்டுப் பேச்சை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். அதோடு, அது ஓர் அலுவலகப் பழக்கம் பற்றிய பேச்சு. அப்பாவோடு பேச்சு இல்லை என்பது போன்ற எடையுள்ள ஒன்று வரும்போது உங்கள் கதை அன்றைக்கு வரவே வேண்டாம். ‘இரண்டு வருடம் என்பது நீண்ட காலம். இன்று அவர் நினைவு வர ஏதாவது காரணமா?’ போதும்.

பேச்சு ஏற்கெனவே முடிந்துவிட்டிருந்தால்? திருத்த முடியும், அரட்டையில் இது எளிது. இரண்டு நாள் கழித்து அவருடைய அந்தச் செய்தியையே மேற்கோளாக எடுத்து, ‘அன்று நான் அவசரப்பட்டு யோசனை சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னதைச் சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு தோன்றியது’ என்று எழுதுங்கள். அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அறிகுறி: ஆழமான கேள்விப் பட்டியலை அனுப்பிப் பார்த்தேன், எடுபடவில்லை

நெருக்கம் உண்டாக்கும் 36 கேள்விகள் என்று ஒரு பட்டியல் உலகமெங்கும் சுற்றுகிறது. அதன் மூலம் உளவியலாளர் ஆர்தர் ஏரனும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. அறிமுகமில்லாத இருவரை உட்காரவைத்து, மூன்று தொகுதிகளாகப் பிரித்த கேள்விகளை 45 நிமிடம் மாறி மாறிப் பதில் சொல்லவைத்தார்கள். மேலோட்டமான பேச்சு பேசியவர்களைவிட இவர்கள் ஒருவருக்கொருவர் கூடுதல் நெருக்கத்தை உணர்ந்தார்கள்.

அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். கேள்விகள் படிப்படியாக ஆழமாகின்றன. ஒவ்வொன்றுக்கும் இருவருமே பதில் சொல்கிறார்கள். இருவரும் அதற்கென்றே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டியலின் நடுவிலிருந்து ஒரு கேள்வியை உருவி, மதியம் வேலையில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பினால் இந்த மூன்றில் எதுவும் இல்லை. ‘உங்கள் வாழ்வின் மிகக் கொடிய நினைவு எது?’ என்று கைப்பேசி ஒளிர்ந்தால் யாரும் திகைப்பார்கள். ஆசைப்பட்டால், ‘இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, வாரக்கடைசியில் இருவரும் முதல் சிலவற்றை முயன்று பார்க்கலாமா?’ என்று முன்கூட்டியே கேட்டு, முதல் கேள்விக்கு நீங்களே முதலில் பதில் சொல்லுங்கள்.

அறிகுறி: மனம்விட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மறுநாளிலிருந்து அவர் அடங்கிவிட்டார்

பெரும்பாலும் இரவில் நடப்பது. பேசப் பேசச் சுகமாக இருக்கிறது, எதிரில் முகம் இல்லை, அவர் முழுவதும் புரிந்துகொள்கிறார் என்று தோன்றுகிறது. எழுத்தில் மட்டும் பழகுகிறவர்கள் எதிரில் இருப்பவரை மனத்தில் மெருகேற்றிக்கொள்கிறார்கள் என்று தகவல்தொடர்பு ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996இல் எழுதினார். தெரியாத இடைவெளிகளை நம் விருப்பப்படி நிரப்பிக்கொள்கிறோம். அந்த நம்பிக்கையில் இரண்டாம் படியிலிருந்து நேராக நான்காம் படிக்குத் தாவிவிடுகிறோம்.

அவருடைய மௌனத்தை வெறுப்பு என்று படிக்க வேண்டாம். உங்கள் நீண்ட செய்திக்கு அதே அளவில் பதில் தர வேண்டுமோ என்ற சங்கடத்தில் அவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கலாம். நாள் ஆக ஆக எழுதுவது இன்னும் கடினமாகும். அந்தக் கடனை நீங்களே தள்ளுபடி செய்யுங்கள். ‘நேற்று நிறையக் கொட்டிவிட்டேன். அதற்குப் பதில் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. படித்ததற்கு நன்றி’ என்று ஒரே ஒரு செய்தி. அனுப்பியவற்றை அழிக்காதீர்கள், பல செயலிகளில் அழித்த தடம் திரையில் நிற்கும், அது இன்னும் சத்தமாகப் பேசும். தொடர்ந்து மூன்று நான்கு மன்னிப்புகளும் வேண்டாம். பிறகு முதல், இரண்டாம் படிகளில் சில நாள் நடந்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் வாங்கிக்கொண்ட பக்கமாக இருந்து, அவர் கொட்டியிருந்தால், காலையில் முதல் செய்தி உங்களுடையதாக இருக்கட்டும். சின்னதாக இருந்தாலும் போதும். கொட்டியவருக்கு அந்தக் காலை மிக நீளமானது.

அறிகுறி: தீவிரமாகப் பேச்சு வந்தால் உடனே கிண்டலாகிவிடுகிறது

யார் கிண்டலுக்குத் தாவுகிறார் என்று பாருங்கள். நீங்கள் என்றால் மருந்து எளிது: அடுத்த முறை சிரிப்பு முகத்தை அனுப்பாமல் ஒரு வரி நேராக எழுதுங்கள். நேராகப் பேசினால் சங்கடமாகிவிடும் என்ற பயம் பெரும்பாலும் மிகையானது. மைக்கேல் கார்டஸ், அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வுகளில், அறிமுகமற்றவரோடு ஆழமாகப் பேசப்போகிறோம் என்று தெரிந்தவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு அது சங்கடமாக இருக்கவில்லை. எதிரில் இருப்பவர் நம் பேச்சில் எவ்வளவு அக்கறை காட்டுவார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம்.

அவர்தான் கிண்டலுக்குத் தாவுகிறார் என்றால், நகைச்சுவைக்கு முதலில் சிரியுங்கள், உண்மையாகவே. பிறகு அடியில் உள்ளதைத் தொடுங்கள். ‘என்னை யார் தேடப்போகிறார்கள், வீட்டுப் பூனைகூடத் தேடாது’ என்று அவர் எழுதினால், ‘பூனையை விடுங்கள், சிரித்துவிட்டேன். ஆனால் அந்த முதல் பாதி விளையாட்டுக்குச் சொன்னதா?’ என்று கேட்கலாம். ‘ஆமாம், விளையாட்டுதான்’ என்றால் ஏற்றுக்கொண்டு நகருங்கள். கேட்டீர்கள் என்பது பதிவாகிவிட்டது.

உங்கள் கிண்டல் மட்டும் இந்த நேரங்களில் வேண்டாம். எழுத்தில் அனுப்பும் கேலி, அனுப்புகிறவர் நம்பும் அளவுக்கு எதிரில் புரிவதில்லை என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. எழுதும்போது நம் தொனி நம் காதில் ஒலிக்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை.

அறிகுறி: ஒரு கட்டத்துக்கு மேல் எழுத்தில் சொல்ல முடியவில்லை

இது கோளாறு இல்லை. நீளமான பத்திகள் போகத் தொடங்கினால், ஒரே செய்தியை ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று இரண்டு முறை விளக்க நேர்ந்தால், குரலுக்கு மாறும் நேரம் வந்துவிட்டது. திடீரென்று அழைக்காமல், ‘இதைப் பேசினால் எளிதாக இருக்கும், இன்று முடியுமா?’ என்று கேளுங்கள். அழைப்புக்குத் தயங்குகிறவருக்கு ஒரு குரல் செய்தி நல்ல இடைப்படி; ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். ‘நீங்கள்’ ‘நீ’ ஆவதும் அநேகமாக இந்தக் கட்டத்தில்தான் நடக்கும். வயதில் மூத்தவர் அல்லது தயக்கம் கூடுதலாக உள்ளவர் தொடங்கட்டும். நீங்களாக அவசரப்படுத்த வேண்டாம்.

அறிகுறி: நான் படி ஏறவே இல்லை, அவர் என்னை இழுத்துக்கொண்டு போகிறார்

அறிமுகமான சில நாளிலேயே ‘உன்னைப்போல் யாரும் என்னைப் புரிந்துகொண்டதில்லை’ என்கிறார். உங்கள் பயங்களையும் வீட்டு நிலைமையையும் கேட்கிறார். தம்மைப் பற்றிச் சொல்வது நெஞ்சைத் தொடுகிறது, ஆனால் சரிபார்க்கக்கூடிய விவரம் ஒன்றும் இல்லை. நேரிலோ காணொலியிலோ பேசலாம் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு தடை வருகிறது. இந்தப் பேச்சை யாரிடமும் சொல்லாதே என்கிறார். பிறகு பணம், படம், அல்லது கைப்பேசிக்கு வரும் ஒரு கடவு எண். இந்த வரிசை தெரிந்தால் மேலே சொன்ன எந்த வழியும் பொருந்தாது. பணமோ படமோ எண்ணோ அனுப்பாமல், செய்திகளை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே காட்டுங்கள்.

எல்லாச் சந்தேகமும் இவ்வளவு தெளிவாக இருக்காது. வெறும் அவசரக்காரர்களும் உண்டு. கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: ‘இதைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை, பிறகு பார்ப்போம்’ என்று ஒருமுறை எழுதுங்கள். அவசரக்காரர் கொஞ்சம் வருந்திவிட்டு வேறு பேச்சுக்கு வருவார். ஏமாற்ற வந்தவர் கோபிப்பார், குற்ற உணர்வை ஊட்டுவார், அல்லது அரை மணி நேரத்தில் அதே கேள்வியை வேறு சொல்லில் கேட்பார். அப்படிக் கேட்டால் தடுக்கும் பொத்தானை அழுத்துங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.